புகையும் விறகு, புகையாத கரி: வீட்டு அடுப்பில் எது எதனால் வருகிறது

கோத்தகிரியில் வருஷத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் விறகோ கரியோ எரிந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துணியே காயாது. விறகு எப்படிக் காயும்? அதனால் அடுப்பு செய்யும் சேட்டை எல்லாமே பழக்கம். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். அதில் சொல்லும் கோளாறு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

அறிகுறி 1: புகையே இல்லை, ஆனால் அறையில் இருப்பவர்களுக்குத் தலை வலிக்கிறது

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கால் துவண்டுபோவது, காரணமில்லாத தூக்கக் கலக்கம். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இவை வந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே போனால் குறைகிறது என்றால் அது கார்பன் மோனாக்சைடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அறையில் கரி இருந்து தலை வலித்தால், படிப்பதை நிறுத்திவிட்டு எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். மிச்சத்தை அங்கே நின்று படிக்கலாம்.

சில வருஷங்களுக்கு முன்னால் டிசம்பரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். பத்துக்குப் பத்து அறை, கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல். குளிர் காய்வதற்காக இரும்புச் சட்டியில் கரி போட்டு வாசல் திண்ணையில் மூட்டினோம். முதலில் கொஞ்சம் புகைந்தது, அப்புறம் மேலே நீலச் சுடர் ஆடியது. ஒன்றரை மணி நேரம் போனதும் சுடர் அடங்கி, கங்குகள் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்தது. “நல்லா தணலாயிடுச்சு, இனிமே புகையாது, உள்ளே வெச்சுக்கலாம்” என்றார் சித்தப்பா. யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. சட்டியைக் கட்டிலுக்கு அருகில் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தோம்.

நள்ளிரவில் தங்கை மகன் வாந்தி எடுத்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். தங்கை, “எனக்கும் மண்டை பிளக்குதுண்ணா” என்றாள். சித்தப்பா தண்ணீர் எடுக்க எழுந்தவர் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் என்றதும்தான் பார்வை சட்டி மேல் போனது. பையனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். கால் மணி நேரத்தில் எனக்குத் தலை தெளிந்தது, சித்தப்பாவுக்குத் தெளியவில்லை. மருத்துவமனையில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் கருவி அவருக்கு 99 காட்டியது. மூடிய அறையில் கரிச் சட்டி இருந்தது என்று நாங்கள் சொன்ன பிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்து, முகமூடி வைத்து, விடியும்வரை ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

நாங்கள் செய்த தப்பு அந்தச் சாம்பல் பூத்த தணலை நம்பியதுதான். கரி எரியும்போது அடியிலிருந்து வரும் காற்று கரியைத் தொட்டுக் கார்பன் டையாக்சைடு ஆகிறது. அது மேலே ஏறும் வழியில் சிவந்த கரிக்குள் நுழைந்து போகும்போது இன்னும் கொஞ்சம் கார்பனைப் பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேல்பரப்புக்கு வந்ததும் அங்கே சூடும் காற்றும் போதுமான அளவு இருந்தால் அது எரிந்து தீர்ந்துவிடும். திண்ணையில் நாங்கள் பார்த்த நீலச் சுடர் அதுதான், கார்பன் மோனாக்சைடு எரிகிற சுடர். மேலே சாம்பல் மூடிச் சூடு தணிந்ததும் சுடர் அணைகிறது. உள்ளே வாயு உண்டாவது மட்டும் நிற்பதில்லை. எரியாமல் அப்படியே அறைக்குள் வருகிறது. எல்லாரும் “இப்போது உள்ளே கொண்டுபோகலாம்” என்று நினைக்கும் நேரமும் இந்த நேரமும் ஒன்றாக இருப்பதுதான் இதில் உள்ள கொடுமை.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள அறையில் ஏறக்குறைய 28 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கிலோ கரி எரிந்து முடியும்போது, கரியையும் சட்டியையும் பொறுத்து, 100 கிராமும் அதற்கு மேலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூடிய அறைக்குள் கால் கிலோ கரி எரிந்தால் 25 கிராம். அதை 28 ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 900 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 15 நிமிடத்துக்கு மேல் தாண்டக் கூடாது என்று சொல்லும் அளவு 100 மில்லிகிராம். கால் கிலோ கரி என்பது இரண்டு கை நிறைய அள்ளினால் வருவது, அவ்வளவுதான்.

இந்த வாயு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் முகமூடி வைத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். அதனால் “வெளியே வந்துவிட்டோம், சரியாகிவிடும்” என்று திரும்பப் படுத்துவிடாதீர்கள். யாராவது மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, இதய நோயாளி என்றால் அறிகுறி லேசாக இருந்தாலும் போகவேண்டும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே “மூடிய அறையில் கரி எரிந்தது” என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சித்தப்பாவுக்கு 99 காட்டியது அதனால்தான்.

சிலர் அறையில் ஒரு வாளித் தண்ணீர் வைப்பார்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். இந்த வாயு தண்ணீரில் கரையாது, அதனால் ஒரு பயனும் இல்லை. “அது கனமானது, கட்டிலில் படுத்தால் ஏறாது” என்பதும் தப்பு. கிட்டத்தட்டக் காற்றின் எடைதான் அதற்கும், அறை முழுக்கக் கலந்துவிடும். புகை கண்டுபிடிக்கும் அலாரமும் இதைப் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் உண்டு, இணையத்தில் கிடைக்கிறது. விறகடுப்பு உள்ள வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. படுக்கையறையில் படுத்திருக்கும் தலை உயரத்தில் மாட்டலாம். ஆனால் அதை நம்பிக் கரிச் சட்டியை உள்ளே வைக்கக் கூடாது. குறைந்த அளவுக்கு அது உடனே கத்தாது. 50 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஒலிக்கும்படி அமைத்திருப்பார்கள்.

“அந்தக் காலத்தில் கணப்புச் சட்டியைச் சுற்றித்தானே படுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு மேலே ஓடு இருந்தது, ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். இன்றைக்குக் கூரை கான்கிரீட், ஜன்னலில் ரப்பர் பட்டை. சட்டி அதேதான், வீடு மாறிவிட்டது. தூங்கும் அறையில் கரிக்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பது பதில் ஆகாது. குளிர் தாங்காமல் நடுராத்திரியில் யாராவது எழுந்து அதைச் சாத்திவிடுவார்கள். குழந்தைக்குச் சாம்பிராணி போடும் தூபக்கால், கரி இஸ்திரிப் பெட்டி, மொட்டை மாடியில் கோழி சுட்டுவிட்டு மழைக்கு உள்ளே இழுத்துவைக்கும் பார்பிக்யூ அடுப்பு, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அறிகுறி 2: விறகு சீறுகிறது, நுனியில் நுரை தள்ளுகிறது, வெள்ளையாகப் புகைகிறது

இது ஈரம். வேறு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. விறகின் வெட்டுமுனையை உற்றுப் பாருங்கள். மறுமுனை எரியும்போது இந்த முனையில் சின்னச் சின்னக் குமிழிகள் கொதித்து வரும், “உஸ்” என்று சத்தம் கேட்கும். விறகுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வழி தேடி வெளியே வருகிறது. அந்த ஆவியை உண்டாக்கவே சூடு செலவாவதால், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் தீப்பிடிக்கும் அளவுக்கு அடுப்பு சூடாவதில்லை. எரியாத அந்த வாயுக்கள்தான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை. ஈர விறகிலும் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். கண் எரிச்சல் நம்மை வெளியே விரட்டிவிடுவதால் அது கரி அளவுக்கு ஆளை ஏமாற்றுவதில்லை.

எவ்வளவு ஈரம் என்று வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம். போன ஐப்பசியில் வாங்கிய சீகை விறகில் நான் செய்தது இது. ஒரு கட்டையைப் பிளந்து நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். வெளித்தோல் எப்போதும் காய்ந்துதான் இருக்கும், அதை வைத்து ஏமாறக் கூடாது. எடை 412 கிராம். அதைச் சிம்புகளாகப் பிளந்து, அடுப்புக்கு மேலே சூடு படும் பரணில் வைத்து, தினமும் நிறுத்தேன். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒன்பதாம் நாளில் 289 கிராமில் நின்றது, அதற்கப்புறம் மாறவில்லை. போனது 123 கிராம். 412-இல் அது ஏறக்குறைய 30 விழுக்காடு. பரணில் வைத்துக் காய்ச்சினாலும் விறகில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும், ஆக உண்மை அளவு இதைவிடக் கூடுதல்தான். அதாவது நான் 5 கிலோ விறகு வைத்தால், கூடவே ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் அடுப்புக்குள் வைத்துக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிய புது மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கலாம். அடுப்புக்கு 20 விழுக்காட்டுக்குள் வரவேண்டும். காய்ந்த விறகை ஒன்றோடொன்று தட்டினால் “டங்” என்று கேட்கும், ஈர விறகு “தொப்” என்று விழும். காய்ந்த விறகின் வெட்டுமுனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும்.

காயவைப்பதில் முக்கால்வாசி வேலை பிளப்பதுதான். மரப்பட்டை தண்ணீரை வெளியே விடாது, உருண்டைக் கட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல்லோ கம்போ வைத்துத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, காற்று புகும்படி அடுக்குங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் போடவேண்டும். நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் கிளம்பும் ஆவி உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சமவெளியில் பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். மலையில் மாசியில் பிளந்து அடுக்கினால்தான் ஐப்பசிக்கு உதவும். மழை நடுவே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு நாள் விறகை அடுப்படிப் பரணில் ஏற்றி, எடுக்க எடுக்க நிரப்பிக்கொண்டே வரலாம். அடுப்பின் மேலேயே சாய்த்துவைத்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள், பற்றிக்கொள்ளும்.

மண்ணெண்ணெய் ஊற்றினால் ஈர விறகு எரியும் என்பது உண்மையில்லை. மண்ணெண்ணெய்தான் எரியும், அது தீர்ந்ததும் விறகு பழையபடி புகையும்.

அறிகுறி 3: விறகு காய்ந்ததுதான், இருந்தும் கறுப்பாகப் புகைகிறது

இது காற்றுப் பஞ்சம். பாத்திரத்தின் அடியில் மை அப்பியிருந்தால், சுடர் மஞ்சளாக நீண்டு பாத்திரத்துக்கு வெளியே நக்கினால், இதுதான். முதலில் அடுப்பு வாயில் எத்தனை விறகு என்று பாருங்கள். வாய் அடைக்கும்படி நாலைந்து செருகினால் காற்று நுழைய இடமில்லை. இரண்டு மூன்று மெல்லிய விறகு வைத்து, எரிய எரியத் தள்ளிக்கொண்டே வாருங்கள். அடுத்தது சாம்பல். தணலுக்கு அடியில் சாம்பல் மேடாகிவிட்டால் கீழ்க்காற்று வராது. விறகுக்கு அடியில் ஒரு கம்பித் தட்டு வைத்து, அதற்குக் கீழே இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டாலே சுடரின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாவது அடுப்புக் குமிழ். மண் பூசிப் பூசிக் குமிழ் தேய்ந்து, பாத்திரம் அடுப்பின் வாயை அடைத்து உட்கார்ந்துவிடும். ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

புகைபோக்கி வைத்த அடுப்பு அறைக்குள் புகையைத் துப்பினால் அது எப்போது நடக்கிறது என்று கவனியுங்கள். மூட்டும்போது மட்டும் என்றால் குழாய் குளிர்ந்திருக்கிறது. ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் அடிவாய்க்குள் காட்டி, இழுவை வந்த பிறகு அடுப்பை மூட்டுங்கள். காற்று அடிக்கும்போது மட்டும் என்றால் குழாய் குட்டை. கூரையைத் தாண்டி 3 அடியாவது உயர வேண்டும், பக்கத்தில் 10 அடிக்குள் இருக்கும் சுவரையும் கூரை முகட்டையும்விட 2 அடி மேலே நிற்கவேண்டும். மின்விசிறியை, அதாவது சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டால் மட்டும் புகை உள்ளே வருகிறது என்றால், மூடிய அறையில் அந்த விசிறி காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கிறது. ஒரு ஜன்னலைத் திறந்தால் நின்றுவிடும்.

எப்போதுமே வருகிறது என்றால் குழாய்க்குள் கீல் அடைத்திருக்கும். ஈர விறகு எரித்த பருவம் முடிந்ததும் தட்டிப் பாருங்கள். கறுத்துப் பளபளக்கும் கீல் படிந்திருந்தால் அதுவே தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கம்பித் தூரிகை விட்டுத் துடைக்கவேண்டும்.

அறிகுறி 4: கரி புகைகிறது, அல்லது பொரிந்து தெறிக்கிறது

கரி புகைந்தால் அது முழுக்கக் கரியாகவில்லை. ஒன்றை உடைத்துப் பாருங்கள். நல்ல சீமைக்கருவேலக் கரி உடையும்போது கண்ணாடி போலச் சத்தம் வரும், உடைந்த முகம் கறுத்து மின்னும். நடுவில் பழுப்பாக மர நார் தெரிந்தால் அது குறை வேக்காடு. அப்படிப்பட்டதைப் பொறுக்கி விறகோடு போட்டுவிடுங்கள்.

புகையாமல் படபடவென்று வெடித்துப் பொறி பறந்தால் ஈரம். எடை போட்டு விற்பதால் மூட்டையில் தண்ணீர் தெளித்திருக்கவும் கூடும், கொட்டகையில் மழைச்சாரல் பட்டிருக்கவும் கூடும். ஒரு நாள் வெயிலில் பரப்பினாலே போதும். குமுட்டி அடுப்பில் ஈரக் கரியை மேலே கொட்டும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், பொறி கண்ணைத் தேடித்தான் வரும். ஈரக் கரி தணலைக் குளிரவைப்பதால் நீலச் சுடர் அணைந்து முதல் பகுதியில் சொன்ன கதை தொடங்கிவிடும். சுடர் திரும்ப வந்தாலும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.

அறிகுறி 5: பிரிக்கெட் உதிர்கிறது, பிடிக்க மறுக்கிறது

இங்கே இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் விற்கின்றன. பழுப்பு நிறத்தில் உருளையாக வருவது மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றை அழுத்திச் செய்தது. அது அழுத்திய விறகுதான், கரி இல்லை, அதனால் புகையும். பெரும்பாலும் பாய்லருக்காகச் செய்வதால் முழு உருளையாக வீட்டு அடுப்பில் வைத்தால் தீ மூச்சுத் திணறும். கைப்பிடி அளவுக்கு உடைத்து, கம்பித் தட்டின் மேல், காய்ந்த சுள்ளியோடு சேர்த்து வையுங்கள். தண்ணீர் பட்டால் ஊதி மரத்தூளாகவே திரும்பிவிடும், வெயிலில் காயவைத்து மீட்க முடியாது. அந்தத் தூளை அள்ளித் தணல் மேல் போட்டால் தீ மூச்சடைத்துப் பெரும் புகை கிளம்பும், சில சமயம் குப்பென்று பற்றும்.

கறுப்பாக வருவது கரித்தூளை, பெரும்பாலும் சிரட்டைக் கரித்தூளை, மாவுப் பசை சேர்த்து அழுத்தியது. மெதுவாகப் பிடிக்கும், நீண்ட நேரம் நிற்கும். ஈரம் ஏறினால் பசை இளகி ஓரம் உதிரும், அரிசி மூட்டை போலப் பூஞ்சைகூடப் பிடிக்கும். மூடியுள்ள வாளியில் வையுங்கள். வாங்கும்போது ஒன்றைத் தனியாக எரித்துச் சாம்பலைப் பாருங்கள். கொஞ்சம் சாம்பல் மிஞ்சினால் நல்ல சரக்கு, கட்டி அதே உருவத்தில் மண்ணாக நின்றால் களிமண் கலந்தது. “புகையில்லா எரிபொருள்” என்று பையில் போட்டிருப்பார்கள். அது புகையைப் பற்றிய வாக்குறுதி மட்டும். கார்பன் மோனாக்சைடு கணக்கில் இதுவும் கரிதான், அதிக நேரம் நின்று எரிவதால் அதிக நேரம் அந்த வாயுவையும் விடும்.

அறிகுறி 6: அடுப்பை அணைத்தாகிவிட்டது, காலையில் சாம்பல் இன்னும் சுடுகிறது

சாம்பல் நல்ல போர்வை. அதற்குள் புதைந்த கங்கு மறுநாள்வரைகூட உயிரோடு இருக்கும். அவ்வளவு நேரமும் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சக் கரியை வீணாக்க வேண்டாம் என்றால் இறுக்கமான மூடி உள்ள இரும்பு டப்பாவில் இடுக்கியால் எடுத்துப் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே, மரத்தரையும் சாக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். காற்றில்லாமல் அணைந்து, அடுத்த தடவை சீக்கிரம் பிடிக்கும் கரியாகக் கிடைக்கும். கரி மூட்டைக்குள் திரும்பக் கொட்டும் முன் ஒரு முழு நாள் கழியட்டும். கொட்டும்போது புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள், துளி வெதுவெதுப்பு தெரிந்தாலும் மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.